அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்கு

தாறுமாறான இதயத் துடிப்பை அடக்கும் இந்த மாத்திரை, பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகிய மூன்றின் பாதைகளிலும் வேலை செய்கிறது. பீட்டா பிளாக்கர் குணமும் உண்டு. உடலில் மாதக்கணக்கில் தங்கும்.

1. மாத்திரை தொடங்கும் முன்பும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையும் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். 200 மி.கி. மாத்திரையில் சுமார் 75 மி.கி. அயோடின் இருப்பதால் தைராய்டு குறையவும் கூடும், மிகையாகவும் கூடும். மிகையானாலும் படபடப்பு தெரியாமல் போகலாம். மாத்திரையே அதை மறைத்துவிடும். ஆகவே காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, அடங்கியிருந்த துடிப்புக் கோளாறு திரும்பினாலோ 6 மாதம் ஆகட்டும் என்று இருக்காதீர்கள்.

2. தைராய்டுக்கு எடுக்கும் அதே ரத்தத்தில் கல்லீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப்பு பெரும்பாலும் வெளியே தெரியாது.

3. ஆண்டுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரே எடுங்கள். புதிதாக வறட்டு இருமலோ, நடந்தால் மூச்சு வாங்குவதோ வந்தால், சளி என்று நினைத்து சிரப் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அது நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து.

4. விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் பதறாதீர்கள், கருவிழியில் மருந்து படிவதுதான் காரணம். மருத்துவரிடம் சொன்னால் போதும். பார்வை மங்கினால் மட்டும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள், பார்வை நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

எது வந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.