இறுதிச் சோதனை ஒருமுறை மாத்திரமே

ஒருவரது அறிவை அளக்க வேண்டுமாயின், அவர் முன்னர் பார்த்திராத வினாத்தாளைக் கொடுக்க வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. கணினிக்குத் தரவுகளைக் காட்டிக் கற்பிக்கும் இயந்திரக் கற்றல் துறையிலும் இதே விதிதான் உண்டு. ஆனால் அங்கே நாம் எளிதில் எதிர்பாராத ஒரு சிக்கலும் இருக்கிறது. விடைகளை எவருமே பார்க்காவிட்டாலும், "எனக்கு எத்தனை புள்ளி?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதனாலேயே ஒரு வினாத்தாள் பயனற்றதாகிவிடும். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். படத்தில் இருப்பது பூனையா நாயா என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். விடை குறிக்கப்பட்ட பல்லாயிரம் படங்களைக் கணினிக்குக் காட்டுகிறோம். இவை பயிற்சித் தொகுதி எனப்படும். அவற்றிலிருந்து கணினி உருவாக்கிக்கொள்ளும் கணிப்பு முறையை மாதிரியுரு என்கிறோம். அந்த மாதிரியுரு பயிற்சிப் படங்களின் பொது இயல்பைக் கற்காமல், அவற்றில் தற்செயலாக அமைந்த சிறு விபரங்களையெல்லாம் மனனம் செய்துவிடக்கூடும். அப்போது பழைய படங்களுக்குச் சரியான விடையும் புதிய படங்களுக்குப் பிழையான விடையும் வரும். இதற்கு மிகைப்பொருத்தம் என்று பெயர். இதைக் கண்டறிவதற்காகவே சில படங்களைப் பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கி வைக்கிறார்கள். அதுவே சோதனைத் தொகுதி.

உலகளாவிய போட்டிகளில் சோதனைத் தொகுதியின் விடைகள் ஏற்பாட்டாளர்களிடமே இருக்கும். போட்டியாளர் தமது மாதிரியுருவின் கணிப்புகளை அனுப்புவார். ஏற்பாட்டாளர்களின் கணினி அவற்றைத் திருத்திப் புள்ளியைப் பகிரங்கப் பட்டியலில் இடும். விடைகள் மறைவாகத்தானே இருக்கின்றன, இதில் என்ன தவறு நேர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். 2015ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்வு இதற்கு விடை தருகிறது.

இமேஜ்நெட் என்பது படங்களை இனங்காணும் புகழ்பெற்ற போட்டியாக இருந்தது. அதில் 1000 வகைப் பொருட்கள் இருந்தன. சோதனைத் தொகுதியில் 100,000 படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் கணினி ஐந்து ஊகங்களைச் சொல்லலாம். ஐந்திலும் சரியான விடை இல்லாவிட்டால் அது பிழையாகக் கணக்கிடப்படும். 2015 மே மாதத்தில் சீனாவின் பைடு நிறுவன ஆய்வாளர்கள் 4.58 வீதப் பிழையை எட்டியதாக அறிவித்தனர். அதற்கு முன் கூகுள் நிறுவனத்தார் அறிவித்திருந்தது 4.82 வீதம். வித்தியாசம் 0.24 வீதம் மாத்திரமே. 100,000 படங்களில் இது 240 படங்களாகும்.

சில வாரங்களில் உண்மை வெளிவந்தது. வாரத்துக்கு இருமுறை மாத்திரமே கணிப்புகளை அனுப்பலாம் என்பது போட்டியின் விதி. ஆனால் அந்தக் குழுவினர் ஏறத்தாழ ஆறு மாதங்களில் குறைந்தது 30 வெவ்வேறு கணக்குகளைப் பயன்படுத்திக் குறைந்தது 200 தடவை அனுப்பியிருந்தார்கள். ஏற்பாட்டாளர்கள் இதனைப் பகிரங்கமாக அறிவித்து, 12 மாதங்களுக்குக் கணிப்புகளை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர். பைடு தரப்பு மன்னிப்புக் கோரியது.

அவர்கள் எந்த விடையையும் திருடவில்லை என்பதை இங்கு கவனிக்க வேண்டும். அவர்கள் பெற்றதெல்லாம் புள்ளிகள்தாம். அப்படியிருந்தும் அது ஏன் பாரதூரமான விடயமாகக் கருதப்பட்டது? இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம்.

ஆம், இல்லை என்று விடையளிக்கும் 100 வினாக்களைக் கொண்ட ஒரு வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். வினாக்களை வாசிக்காமலேயே, நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஆம், தலை விழுந்தால் இல்லை என்று எழுதுகிறோம். சராசரியாக 50 புள்ளி கிடைக்கும். ஆனால் எல்லா விடைத்தாளுக்கும் சரியாக 50 கிடைக்காது. நியம விலகல் 5 ஆகையால் சில 44 ஆகவும் சில 57 ஆகவும் இருக்கும். இவ்வாறு 200 விடைத்தாள்களை நிரப்பி, ஒவ்வொன்றாக அனுப்பிப் புள்ளிகளைக் கேட்டறிந்தால், அவற்றுள் மிகச் சிறந்தது 63 அல்லது 64 அளவில் இருக்கும் என எதிர்பார்க்கலாம். அதை மட்டும் எடுத்துக்காட்டி "எனக்கு 64 புள்ளி" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அவருக்குப் பாடம் ஓரளவு தெரியும் என்றே நினைப்பார். உண்மையில் அவருக்கு ஒன்றுமே தெரியாது. 200 பேரில் அதிர்ஷ்டசாலியைத் தெரிவு செய்ததுதான் நடந்தது.

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. 50க்குக் குறைவாகப் புள்ளி பெற்ற விடைத்தாள்களில் ஆம் என்பதையெல்லாம் இல்லை என்றும், இல்லை என்பதையெல்லாம் ஆம் என்றும் மாற்றிவிடுவோம். 44 பெற்றது இப்போது 56 ஆகிவிடும். இப்படிச் செய்தபின் 200 விடைத்தாள்களின் சராசரி ஏறத்தாழ 54 ஆகும். அடுத்து ஒவ்வொரு வினாவுக்கும் வாக்கெடுப்பு நடத்துவோம். சரியான விடைக்குச் சராசரியாக 108 வாக்குகளும் பிழையான விடைக்கு 92 வாக்குகளும் கிடைக்கும். பெரும்பான்மை சொல்வதை விடையாக எழுதினால் அந்தப் புதிய விடைத்தாளுக்குக் கிடைக்கும் புள்ளி ஏறத்தாழ 87! வினாவை ஒரு தடவையேனும் வாசிக்காத ஒருவருக்கு 87 புள்ளி. ஆனால் அவரிடம் வேறு 100 வினாக்களைக் கொடுத்தால் பழையபடி 50தான் வரும்.

இது வெறும் விளையாட்டுக் கணக்கு அல்ல. ஏவ்ரிம் புளூம், மோரிட்ஸ் ஹார்ட் ஆகிய ஆய்வாளர்கள் இந்த முறையால் போட்டிப் பட்டியல்களை ஏமாற்றலாம் என்பதை 2015இல் விளக்கிக் காட்டினார்கள். காரணம் இதுதான்: ஒவ்வொரு புள்ளியும் மறைத்து வைக்கப்பட்ட விடைகளைப் பற்றிய ஒரு சிறு செய்தி. ஒரு செய்தியால் பெரிதாக எதுவும் நடவாது. 200 செய்திகளைச் சேர்த்தால் விடைகளின் பெரும்பகுதி வெளிவந்துவிடும்.

ஏமாற்றும் எண்ணமே இல்லாத ஒருவருக்கும் இது நேரும் என்பதுதான் முக்கியமானது. ஒரு போட்டியாளர் தமது மாதிரியுருவில் சிறு மாற்றம் செய்து அனுப்புகிறார். புள்ளி கூடினால் மாற்றத்தை வைத்துக்கொள்கிறார், குறைந்தால் கைவிடுகிறார். நேர்மையான உழைப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் பட்டியலின் புள்ளி 500 படங்களில் கணக்கிடப்படுகிறது என்றும், அவரது செம்மை 80 வீதம் என்றும் கொள்வோம். தற்செயலால் மட்டும் இந்தப் புள்ளி ஏறத்தாழ 1.8 வீதம் மேலும் கீழும் அசையக்கூடும். அவர் மகிழ்ந்து கொண்டாடும் 0.5 வீத உயர்வு என்பது இரண்டு மூன்று படங்களே. அவ்வாறான உயர்வுகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டே போனால், அவரது மாதிரியுரு அந்த 500 படங்களுக்குப் பொருந்தி, உலகத்துக்குப் பொருந்தாமல் போகும்.

இதனால்தான் கெகிள் போன்ற போட்டித் தளங்கள் சோதனைத் தொகுதியை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒரு பகுதியின் புள்ளி போட்டி நடக்கும்போதே எல்லோருக்கும் தெரியும். மற்றப் பகுதியின் புள்ளி போட்டி முடிந்த பின்னரே வெளியாகும். பரிசு இரண்டாவது பகுதிக்கே உரியது. பகிரங்கப் பட்டியலில் உச்சியில் இருந்தவர்கள் இறுதிப் பட்டியலில் வெகுதூரம் சரிந்துவிடுவதும் உண்டு. தெரிந்த புள்ளியைத் துரத்தியவர்கள் தெரியாத புள்ளியில் தோற்றுப்போகிறார்கள்.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? தரவுகளை இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரிக்க வேண்டும். 10,000 படங்கள் இருந்தால் 7000ஐப் பயிற்சிக்கும், 1500ஐச் சரிபார்ப்புக்கும், 1500ஐ இறுதிச் சோதனைக்கும் ஒதுக்கலாம். பல வழிகளை முயன்று பார்ப்பதும், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதும், சிறந்ததைத் தெரிவு செய்வதும் சரிபார்ப்புத் தொகுதியிலேயே நடக்க வேண்டும். அதை எத்தனை முறையும் பயன்படுத்தலாம். ஆனால் அதில் வரும் புள்ளி உண்மையைவிடச் சற்று உயர்வாகவே இருக்கும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். எல்லா முடிவுகளும் எடுத்து முடிந்த பின், இறுதித் தொகுதியை ஒருமுறை திறந்து, வருகின்ற புள்ளியை அப்படியே எழுத வேண்டும்.

அந்தப் புள்ளி குறைவாக வந்துவிட்டால்? திரும்பிச் சென்று மாதிரியுருவைத் திருத்துவது குற்றமல்ல. ஆனால் அந்தப் புள்ளியைப் பார்த்துத் திருத்திய கணமே இறுதித் தொகுதி மற்றுமொரு சரிபார்ப்புத் தொகுதியாக மாறிவிடுகிறது. மீண்டும் இறுதிச் சோதனை செய்யப் புதிய தரவுகள் வேண்டும். அவை கிடைக்காவிட்டால், எத்தனை முறை பார்த்தோம் என்பதையாவது முடிவுடன் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதிரியுரு இப்பிழையில் சிக்கியுள்ளதா என்பதை அறியவும் எளிய வழியொன்று உண்டு. பகிரங்கப் பட்டியலில் புள்ளி ஏறிக்கொண்டே போக, நமது சொந்தச் சரிபார்ப்பில் அது அசையாமல் நின்றால், நாம் கற்பது படங்களை அல்ல, பட்டியலை.

இந்த ஆபத்து எங்கும் ஒரே அளவினதல்ல என்பதையும் கூற வேண்டும். முன்னைய நாணயக் கணக்கில் வினாக்கள் 100க்குப் பதிலாக 10,000 ஆக இருந்தால், அதே 200 விடைத்தாள்களின் வாக்கெடுப்பு 87 வீதத்தைத் தராது. 54 அல்லது 55 வீதமே தரும். சோதனைத் தொகுதி பெரிதாக இருப்பது ஒரு பாதுகாப்பு. 2019இல் சில ஆய்வாளர்கள் இமேஜ்நெட் போன்றே புதிய படத் தொகுதியொன்றைத் தயாரித்துப் பழைய மாதிரியுருக்களைச் சோதித்தார்கள். செம்மை 11 முதல் 14 வீதம் வரை குறைந்தது. எனினும் முன்னணியில் இருந்தவை பெரும்பாலும் முன்னணியிலேயே இருந்தன. ஆகவே அந்த வீழ்ச்சிக்குக் காரணம் தொகுதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது அல்ல, புதிய படங்கள் சற்றுக் கடினமாக இருந்தமையே என அவர்கள் கருதினார்கள்.

ஆனால் எல்லோரிடமும் 100,000 படங்கள் இருப்பதில்லை. அரிதான நோயொன்றைக் கண்டறியும் மாதிரியுருவைச் சோதிக்கச் சில நூறு நோயாளர்களின் பதிவுகளே கிடைக்கலாம். அங்கே ஒவ்வொரு பார்வைக்கும் விலை அதிகம். "90 வீதம் சரியாகக் கணிக்கும்" என்ற சொல்லை நம்பி ஒரு வைத்தியர் சிகிச்சையைத் தீர்மானிப்பார். அந்த 90, ஒருமுறை திறந்து பார்த்த தொகுதியிலிருந்து வந்ததா, இருநூறு முறை பார்த்துப் பொறுக்கியெடுத்ததா என்பது எண்ணைப் பார்த்தால் தெரியாது. அது அளந்தவருக்கு மாத்திரமே தெரியும். ஆகவே ஒரு மாதிரியுருவின் புள்ளியைக் கேட்கும்போது, இந்தத் தொகுதியை எத்தனை முறை பார்த்தீர்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.