கார்னர் ஸ்டால் யாருக்கு?

தொழில் கண்காட்சி அறிவிப்பு வெளிவந்த அன்று மாலையே போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, வாசலுக்கு நேரா கார்னர்ல ஒண்ணு போட்டுடுங்க, பணம் திங்கக்கிழமை அனுப்பிடறேன்." சரி என்று பென்சிலால் பெயரை எழுதிவிட்டால், கண்காட்சி முடியும்வரை அந்தப் பென்சில் கோடு நம்மை விடாது. எங்கள் தொழில் சங்கத்தில் ஸ்டால் ஒதுக்கும் வேலை என் தலையில் விழுந்து ஆறு கண்காட்சிகள் ஆகின்றன. முதல் இரண்டில் பட்டதெல்லாம் பென்சிலால் பட்டதுதான்.

முதல் வேலை ஹாலுக்குப் போய் டேப் பிடிப்பது. ஹால்காரர் தரும் வரைபடத்தில் தூண் ஒரு புள்ளியாகத்தான் இருக்கும். நேரில் அது ஸ்டாலின் நடுவில் நிற்கும். தீயணைப்புக் குழாய்ப் பெட்டி, அவசர வழி, மின்சாரப் பெட்டி இவற்றின் முன்னால் ஸ்டாலே போடக்கூடாது. மீதி இடத்தை 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களுக்கு இடையே குறைந்தது 3 மீட்டர் நடைபாதை விடுங்கள். தடுப்புப் பலகை வந்தபின் உள்ளளவு 3 மீட்டருக்குச் சற்றுக் குறையும் என்பதை விண்ணப்பத்திலேயே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சரியாக 3 மீட்டருக்கு ஃபிளெக்ஸ் அடித்து வருபவர் அதை மடிக்கும்போது நம்மைத்தான் பார்ப்பார்.

அடுத்தது விலை. முதல் விண்ணப்பம் வருவதற்கு முன்பே இது அச்சாகியிருக்க வேண்டும். ஆள் வந்தபின் வைக்கும் விலை ஆளைப் பார்த்து வைத்த விலையாகத்தான் தெரியும். நாங்கள் சதுர மீட்டருக்கு ஒரே அடிப்படை விலை வைத்து, இரண்டு பக்கம் திறந்த கார்னருக்கு 10 சதவீதமும், மூன்று பக்கம் திறந்திருந்தால் 15 சதவீதமும் கூட்டுகிறோம். தூண் உள்ள ஸ்டாலுக்கு விலையைக் குறைத்து, "தூண் உண்டு" என்று எழுதிவிடுகிறோம். அதையும் தேடி வாங்குபவர் உண்டு. பேனர் கட்ட வசதியாம்!

விண்ணப்பத்தில் மூன்று விருப்ப எண்களைக் கேளுங்கள். ஒன்று மட்டும் கேட்டால் எல்லோரும் வாசல் கார்னரையே எழுதுவார்கள். கூடவே, எந்தப் பொருள் வைக்கிறார், ஓடும் இயந்திரம் உண்டா, யார் பக்கத்தில் வேண்டாம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். கம்ப்ரசர் ஓட்டிக் காட்டுபவருக்கு அடுத்து மென்பொருள் விற்பவரை உட்கார வைத்துவிட்டு நான் மூன்று நாள் ஒளிந்து திரிந்திருக்கிறேன்.

பணத்தின் நிலையை மூன்றாகப் பிரித்தால் போதும்: விண்ணப்பம் மட்டும், பாதி முன்பணம், முழுப் பணம். விண்ணப்பம் மட்டும் தந்தவருக்கு இடமே கிடையாது. வரிசை என்பது விண்ணப்பத் தேதியல்ல, முன்பணம் வங்கியில் ஏறிய தேதி. செக் கொடுத்தால் அது பாஸ் ஆகும் நாள்தான் கணக்கு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சதுர மீட்டர் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார்னர் ஸ்டாலுக்கு 72,000, கார்னர் கூடுதல் 7,200, ஆக 79,200. 18 சதவீத ஜிஎஸ்டி 14,256 சேர்த்து பில் 93,456. ஆனால் வங்கியில் வருவது 91,872. கம்பெனிக்காரர் ஜிஎஸ்டி நீங்கலான தொகையில் 2 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருக்கிறார். வாடகைக் கணக்கில் 10 சதவீதம் பிடிப்பவரிடமிருந்து 85,536தான் வரும். இதைப் "பாக்கி" என்று எழுதிவிட்டு, முழுப் பணம் கட்டியவரின் ஸ்டாலைத் தூக்கி வேறொருவருக்குக் கொடுத்த சங்கம் ஒன்று எனக்குத் தெரியும். ஆகவே வந்த தொகை, டிடிஎஸ், பாக்கி என்று மூன்று கட்டம் தனித்தனியாக வையுங்கள். டிடிஎஸ் உண்மையில் கட்டப்பட்டதா என்பதைக் காலாண்டு முடிந்தபின் கணக்காளர் வரித்துறைத் தளத்தில் பார்த்துக்கொள்வார்.

இனிதான் ஒதுக்கீடு. பணம் கட்டிய வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஹால் சில்லறையாகச் சிதறிவிடும். பெரிய இடம் கேட்பவரிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே அளவு கேட்பவர்களுக்குள் மட்டும் பணத் தேதியைப் பார்க்க வேண்டும். இதையும் விதிமுறையில் முன்கூட்டியே அச்சிட்டுவிடுங்கள்.

ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். முன்வரிசையில் 1 முதல் 8, அதன் முதுகோடு முதுகாகப் பின்வரிசையில் 9 முதல் 16. 1-க்குப் பின்னால் 9. முன்வரிசை வாசலைப் பார்த்தது, எல்லோருக்கும் அதுதான் வேண்டும். லேத் செய்பவர் 36 சதுர மீட்டர் கேட்கிறார். அவருக்கு 1, 2, 9, 10 நான்கும் சேர்ந்து மூன்று பக்கம் திறந்த இடமாகக் கிடைக்கும். முன்வரிசையில் 3 முதல் 8 வரை ஆறு கட்டம் மீதி. பம்பு கம்பெனிக்கு மூன்று கட்டம், மோட்டார்காரருக்கு இரண்டு, போல்ட் நட்டு விற்பவருக்கு ஒன்று. கூட்டினால் ஆறுதான், கணக்கு நேர்.

ஆனால் போல்ட் நட்டுக்காரர்தான் முதலில் பணம் கட்டியவர், அவர் கேட்டது 4. கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? இடப்பக்கம் 3 தனியாக நிற்கும். வலப்பக்கம் 5 முதல் 8 வரை நான்கு. பம்பு கம்பெனி மூன்றை எடுத்தால் அங்கேயும் ஒன்று தனியாக நிற்கும். மோட்டார்காரருக்கு இரண்டு கட்டம் இருந்தும் சேர்ந்த இரண்டு இல்லை. 7-ஐக் கொடுத்தாலும் இதே கதைதான். 3, 5, 6, 8 இவற்றில் எதைக் கொடுத்தாலும் மற்ற இருவரும் அடங்கிவிடுவார்கள். அதாவது அவரை முன்வரிசையிலிருந்து தள்ள வேண்டியதில்லை, ஒரே ஒரு கட்டம் நகர்த்தினால் போதும். அவருடைய இரண்டாம் விருப்பம் 5 என்றால் வேலை முடிந்தது: மோட்டார் 3, 4, பம்பு 6 முதல் 8 வரை, கார்னர் கூடுதலோடு. மூன்று விருப்பம் கேட்டது இதற்குத்தான். இதை எண்ணிப் பார்க்க கணினியும் வேண்டாம், கட்டம் போட்ட தாளில் அளவுக்கு வெட்டிய அட்டைத் துண்டுகளை நகர்த்தினால் போதும்.

ஒரே அளவு, ஒரே நாள் பணம், ஒரே ஸ்டால் என்று இருவர் நின்றால் இருவரையும் வரவழைத்து முன்னிலையிலேயே சீட்டுக் குலுக்குங்கள். போனில் குலுக்கியதாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பட்டியலை ஆள் வாரியாக எழுதாதீர்கள், ஸ்டால் வாரியாக எழுதுங்கள். 1 முதல் 16 வரை எண்கள் முதலிலேயே இருக்க, அவற்றுக்கு எதிரே பெயர் ஏறினால் ஒரே ஸ்டால் இருவருக்குப் போக வழியில்லை. பட்டியல் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் தனித்தனிப் பிரதி வைத்திருந்த வருடம் 12-ஆம் ஸ்டாலுக்கு மூன்று பேர் சாமானோடு வந்து இறங்கினார்கள்.

முன்பணம் கட்டியவருக்குத் தருவது தற்காலிக ஒதுக்கீட்டுக் கடிதம். முழுப் பணத்துக்கான கடைசித் தேதி அதிலேயே இருக்க வேண்டும். நாங்கள் 30 நாள் முன்பு என்று வைத்திருக்கிறோம். தேதி தாண்டினால் ஒரு நினைவூட்டல், ஏழு நாள் அவகாசம், பிறகு காத்திருப்பவருக்குப் போய்விடும். தலைவரின் மைத்துனராக இருந்தாலும் சரி. தொடக்க நாளுக்கு முந்தைய மாலை, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எண்ணும் எல்லையும் போட்டுவிட்டு, ஒவ்வொருவரும் வந்து இறங்கும்போது எண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அதுவரை பின்வரிசையில் ஒரு ஸ்டாலை யாருக்கும் சொல்லாமல் காலியாக வைத்திருப்பேன். லாரியிலிருந்து இயந்திரம் இறங்கியபின் இடம் போதவில்லை என்று யாராவது ஒருவர் வராமல் இதுவரை ஒரு வருடமும் போனதில்லை.