பொருள் போய்ச் சேர்ந்தது, பணம் வரவில்லை

கேள்வி: பவானியிலிருந்து ஜமக்காளங்களை ஆன்லைனில் விற்று வருகிறேன். பெரும்பாலும் கேஷ் ஆன் டெலிவரிதான். கூரியர் நிறுவனம் வாரந்தோறும் வங்கியில் மொத்தமாகப் போடும் தொகை என் விற்பனைக் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. சில பார்சல்கள் என்னவாயின என்றும் தெரியவில்லை. கேட்டால், "ஏழு நாளுக்குள் புகார் செய்யாவிட்டால் உரிமை போய்விடும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: தங்களுடைய குறை ஒன்றாகத் தோன்றினாலும், சட்டத்தின் பார்வையில் அது இரண்டு. வாடிக்கையாளரிடம் பணம் வசூலிக்கும்போது கூரியர் தங்கள் பிரதிநிதியாக நிற்கிறது; பொருளைச் சுமந்து செல்லும்போது அதுவே சரக்குப் போக்குவரத்தாளராக நிற்கிறது. இவ்விரண்டு பாத்தியதைகளின் அளவும் வெவ்வேறாதலால், எந்தப் பார்சல் எந்த வகையில் சேரும் என்பதை முதலில் பிரித்தறிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு, வங்கியில் வந்த தொகையை வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது பயனற்றது. ஏனெனில் அது கூலியும் திருப்பி அனுப்பிய செலவும் கழிந்த மிச்சம். ஆர்டர் பட்டியலையும், ரெமிட்டன்ஸ் அறிக்கையில் கழிவுகளுக்கு முந்தைய வசூல் தொகையையும், பார்சலின் ஏ.டபிள்யூ.பி. எண்ணை வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரே ஆர்டரில் மூன்று பொருள் இருந்தால் பட்டியலில் மூன்று வரிகள் வருவதுண்டு என்பதையும், எக்செல்லில் அந்த எண்ணை எழுத்து வடிவில் ஏற்றாவிட்டால் முன்னுள்ள பூஜ்யங்கள் மறைந்துபோகும் என்பதையும், செலுத்தும் தவணை நாள் இன்னும் வராத பார்சல்களைச் சேர்த்தால் இல்லாத குறையும் இருப்பதாகத் தோன்றும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தாங்கள் இணைத்துள்ள ஜனவரி மாதக் கணக்கை இம்முறையில் பார்த்தேன். 120 பார்சல்களில் 98 பட்டுவாடா ஆனவை. 17 திரும்பி வந்து தங்கள் கிடங்கில் உள்ளவை. 5 இரண்டிலும் சேராதவை. பட்டுவாடா ஆன 98-இல் நான்கு, மொத்தம் 6,900 ரூபாய் மதிப்புள்ளவை, ரெமிட்டன்ஸ் அறிக்கையிலேயே இல்லை. மேலும் இரண்டில் தொகை குறைந்திருக்கிறது. அவற்றுள் ஒன்றில், லேபிள் அச்சான பிறகு தாங்களே ஆர்டரில் 200 ரூபாய்ப் பொருளைக் கூட்டியிருக்கிறீர்கள். கூரியர் வசூலிக்கக் கடமைப்பட்டது லேபிளில் கண்ட தொகையையே ஆதலால், அந்தக் குறைக்கு அவர்கள் பொறுப்பல்லர். மற்றொன்றில் லேபிள் 1,850 ரூபாய் என்றிருக்க, வந்திருப்பது 1,350. ஆகவே தங்களுக்கு வரவேண்டிய பணம் 7,400 ரூபாய்.

இந்தப் பணத்தைப் பொறுத்தவரை, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, கேட்டவுடன் சரியான கணக்கு ஒப்புவிக்கப் பிரதிநிதியைக் கட்டுப்படுத்துகிறது. 218-ஆம் பிரிவு, தமக்கு நியாயமாகச் சேரவேண்டியவை போக எஞ்சியது முழுவதையும் செலுத்தச் சொல்கிறது. ஏழு நாள் நிபந்தனை கண்டு அஞ்ச வேண்டாம். குறித்த காலம் கழிந்ததும் உரிமையே அழிந்துவிடும் என்னும் நிபந்தனை, அச்சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி அந்த அளவுக்குச் செல்லாது. பண வழக்குக்குப் பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டுகள்.

காணாமற்போன ஐந்தின் நிலை வேறு. 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூரியர் நிறுவனத்தையும் தன்னுள் அடக்குகிறது. பார்சல் பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடாமல், தொலைந்த பொருளுக்கு வழக்குத் தொடர முடியாது என்று அதன் 16-ஆம் பிரிவு கூறுகிறது. இந்த வரம்பு சட்டமே விதித்தது, ஆகவே தவறவிடலாகாது. மேலும், அதிக மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்தியிருந்தாலன்றி, இழப்பீடு பொதுவாகக் கூலியைப் போல் பத்து மடங்குக்கு மேற்படாது. 90 ரூபாய் கூலிக்கு 900 ரூபாய்தான். ஐந்தில் மூன்று, திரையில் `RTO Delivered` என்று காட்டியும் தங்களை வந்தடையாதவை. அவற்றுக்கு, திரும்பியதைப் பெற்றுக்கொண்டவர் யார் என்பதற்குரிய கையொப்பத்தையோ ஓ.டி.பி. பதிவையோ கேளுங்கள். எஞ்சிய இரண்டுக்கு, பார்சலை எடுத்துச் சென்றவர் கையெழுத்திட்ட மேனிஃபெஸ்ட்டே தங்களுக்குப் பலமான ஆதாரம்.

இனிச் செய்ய வேண்டியது: ஒரே ஸ்பீட் போஸ்ட் தபாலில், இரண்டு தனி அட்டவணைகளுடன் அறிவிப்பு அனுப்புங்கள். முதலாவதில் பட்டுவாடா தேதி, லேபிள் தொகை, செலுத்திய தொகை. இரண்டாவதில் பதிவு தேதி, கடைசியாகக் கண்ட நிலை, பொருளின் மதிப்பு. இறக்கிய கோப்புகளின் மூலத்தைத் திருத்தாமல் வைத்து, பிரதியில் வேலை செய்யுங்கள். வழக்கென்று வந்தால், மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழை அந்த மூலத்துக்குத்தான் இணைக்க வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் மத்தியஸ்த ஷரத்து இருந்தால், நீதிமன்றத்துக்குச் செல்லுமுன் அதன்படி நடக்க வேண்டியிருக்கும் என்பதால், அறிவிப்பு அனுப்புமுன்பே அதைப் படித்துவிடுங்கள்.