டெபாசிட் திரும்பி வருமா? கேமரா வாடகையில் நாங்க கத்துக்கிட்ட கணக்கு

போன வருஷம் குறும்படம் எடுக்க எங்க போட்டோகிராபி கிளப் ஒரு கேமராவை ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்தது. டெபாசிட் 10,000 ரூபாய், ஆறு பேர் கைக்காசு போட்டுச் சேர்த்தது. திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் லென்ஸை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்து, "முன் கண்ணாடில கீறல் இருக்கே தம்பி"ன்னார். கீறல் இருந்தது உண்மை. எங்க கைக்கு வரும்போதே இருந்ததா? யாருமே பார்க்கலை. பத்தாயிரமும் போச்சு.

டெபாசிட் திரும்பி வருமா வராதாங்கிறது பொருளைக் கையில் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது என்று அன்னிக்குத்தான் புரிஞ்சது. இப்போ கிளப்பின் சொந்தக் கேமராவை மத்த டிபார்ட்மென்ட்டுக்கு வாடகைக்கு விடறோம். அதுக்கு நாங்க எழுதி வெச்ச முறை இது. வாடகைக்கு எடுக்கிறவங்களுக்கும் உதவும்.

வாங்கும்போது பத்து நிமிஷம்

முதல்ல கேமரா அடியிலும் லென்ஸிலும் இருக்கிற சீரியல் நம்பரைக் குறிச்சுக்கோங்க. அப்புறம் லென்ஸைக் கழற்றி, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்ச்சு அடிச்சு ரெண்டு பக்கமும் பாருங்க. நேரா அடிச்சா கீறல் தெரியாது. உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிஞ்சா அது பூஞ்சை. ரெண்டு நாளில் வரக்கூடியது இல்லை, ஏற்கனவே இருந்ததுதான்.

அடுத்து சென்சார். அப்பர்ச்சரை f/22 வெச்சு, ஃபோகஸை விலக்கி, வெள்ளைச் சுவரை ரெண்டு படம் எடுங்க. ரெண்டிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி வந்தா சென்சார் மேல தூசி. f/2.8-ல் எடுத்தா இது தெரியாது. துளை சின்னதாகும்போதுதான் தூசியின் நிழல் கூர்மையா விழும். கடைசியா ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து, ஒலியோட ஓட்டிப் பாருங்க.

இதையெல்லாம் மொபைலில் வீடியோவாக எடுத்து, அங்கேயே இன்னொருத்தருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க. தேதியும் நேரமும் ரெண்டு பேர்கிட்டயும் பதிவாகிடும்.

சேதத்துக்கு என்ன விதி?

பல கடைகளின் ரசீதில் "சேதமானால் டெபாசிட் திரும்பத் தரப்படாது" என்று ஒரே வரிதான் இருக்கும். சின்னக் கீறலுக்கும் உடைஞ்ச கேமராவுக்கும் ஒரே தண்டனை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம்.

அதனால் நாங்க மூணாகப் பிரிச்சோம். பட்டை நிறம் மங்குறது, பாடியில் லேசான உரசல் எல்லாம் சாதாரணத் தேய்மானம், பிடித்தம் கிடையாது. சரிசெய்ய முடிஞ்ச சேதத்துக்கு சர்வீஸ் பில் தொகை, அதோட பழுதுபார்க்கும் நாட்களுக்குப் பாதி வாடகை, அதிகபட்சம் மூணு நாள். தொலைஞ்சாலோ சரிசெய்யவே முடியலைன்னாலோ அதே மாடலின் பழைய விலை. புது விலை கேட்கக்கூடாது. நாங்க கொடுத்தது பழைய கேமராதானே. அந்த விலையையும் ஃபார்மிலேயே முதல்லயே எழுதிடுவோம். டெபாசிட்டைவிட அது அதிகம்னு எடுக்கிறவங்களுக்குத் தெரியணும்.

தாமதத்துக்கும் விதி வேணும். 24 மணி நேரம் ஒரு நாள். முதல் ரெண்டு மணி நேரத் தாமதத்துக்குச் சலுகை, அதைத் தாண்டினால் அரை நாள் வாடகை. தங்கள் தவறால் நேரத்துக்குத் திருப்பித் தராதவங்க, அந்த நேரத்திலிருந்து பொருளுக்கு வரும் இழப்புக்குப் பொறுப்பு என்று அதே சட்டத்தின் 161-ஆம் பிரிவும் சொல்கிறது.

ஒரு உண்மைக் கணக்கு

இந்த வருஷம் ஒரு ஜூனியர் டீம் வெள்ளி மாலை 6 மணிக்கு எடுத்துட்டுப் போச்சு. நாள் வாடகை 1,500. ரெண்டு நாளுக்கு 3,000 முன்பணம், டெபாசிட் 10,000. ஞாயிறு இரவு 9 மணிக்குத்தான் வந்தாங்க. லென்ஸின் முன் வளையம் கீழே விழுந்து நசுங்கியிருந்தது. வாங்கும்போது எடுத்த வீடியோவில் வளையம் நல்லா இருந்ததால் வாக்குவாதமே வரலை.

தாமதத்துக்கு 750. சர்வீஸ் பில் 2,400. கேமரா ஐந்து நாள் கடையில் இருந்தது, ஆனா விதிப்படி மூணு நாளுக்கு மட்டும் பாதி வாடகை, 2,250. மொத்தம் 5,400. பில் காப்பியோட மீதி 4,600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம்.

வாங்கிட்டு அந்தத் தம்பி கேட்டான், "அண்ணா, பத்தாயிரமும் போயிடும்னு நினைச்சேன்." போன வருஷம் நாங்களும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு, கேள்வி கேட்காம கடையை விட்டு வெளியே வந்தோம்.