கல்யாணப் பத்திரிகை எத்தனை அடிக்கலாம்? எக்செல் சொல்லும் கணக்கு

கல்யாண வீட்டில் "ஐந்நூறு அடித்துவிடலாம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என் அக்கா மகள் திருமணத்துக்கு நான் எக்செல்லில் போட்ட கணக்கை இங்கே தருகிறேன். உங்கள் வீட்டு எண்களை மாற்றிக் கொண்டால் போதும்.

முதலில் பட்டியல். பத்திரிகை ஆளுக்கு ஒன்று அல்ல, வீட்டுக்கு ஒன்று. எனவே ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை என்று வைத்துக் கொள்ளுங்கள். பழைய மொய் நோட்டும் செல்போனில் உள்ள பெயர்களும் இதற்கு உதவும். A-யில் பெயர், B-யில் ஊர், C-யில் போன் நம்பர், D-யில் கொடுக்கும் வழி. நேரில் என்றால் N, கூரியர் என்றால் C, வாட்ஸ்அப் மட்டும் என்றால் W என்று டைப் செய்யுங்கள்.

அப்பா வழியில் ஒருவர், அம்மா வழியில் ஒருவர் எழுதும்போது ஒரே வீடு இரண்டு முறை வந்துவிடும். ஒருவர் "முருகேசன்" என்றும் மற்றவர் "பேங்க் மாமா" என்றும் எழுதியிருப்பார். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. போன் நம்பரை வைத்துத் தேடுங்கள். E2, F2 செல்களில் முறையே இந்த இரண்டு பார்முலாக்களைக் கொடுத்துக் கீழே வரை இழுத்து விடுங்கள்.

```
=RIGHT(SUBSTITUTE(C2," ",""),10)
=COUNTIF(E:E,E2)
```

முதலாவது, இடைவெளியையும் +91-ஐயும் நீக்கிக் கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் எடுக்கும். F-ல் 2 என்று வந்தால் அதே நம்பர் இன்னொரு வரிசையிலும் இருக்கிறது. போன் நம்பர் இல்லாத வரிசையில் மிகப் பெரிய எண் வரும். அவற்றைக் கண்ணால் பார்த்துச் சரி செய்யுங்கள். எங்கள் பட்டியலில் 412 வரிசைகள் இருந்தன. 31 இரட்டைப் பதிவுகளை நீக்கியதும் 381 ஆனது. அதில் நேரில் 236, கூரியர் 85, வாட்ஸ்அப் 60. அச்சிட்ட பத்திரிகை தேவைப்படும் வீடுகள் 321.

இனி H1 முதல் H5 வரை இவற்றை டைப் செய்யுங்கள்.

```
=CEILING((COUNTIF(D:D,"N")+COUNTIF(D:D,"C"))*1.1,50)
=(40*20*300+2*20*20*120+1100*120)/10000
=2500+H1*14
=COUNTIF(D:D,"C")*IF(H2<=50,55,75)
=H3+H4
```

H1-ல் மறந்துபோனவர்களுக்காகவும் கவரில் பெயர் தவறாக எழுதுவதற்காகவும் 10 சதவீதம் சேர்த்து, ஐம்பதின் மடங்காக உயர்த்தியிருக்கிறேன். விடை 400. எங்கள் பிரஸ்ஸில் டிசைன், பிளேட் எல்லாம் சேர்த்து ₹2,500; அதற்கு மேல் ஒரு பத்திரிகைக்கு ₹14. அதனால் H3-ல் ₹8,100. 350 மட்டும் அடித்துவிட்டுப் பிறகு 50 கேட்டால் அந்த ₹2,500-ஐ மறுபடி கொடுக்க வேண்டும். அந்த ஐம்பதும் ஒன்று ₹64 ஆகிவிடும். சந்தேகம் வந்தால் கூட்டி அடிப்பதே லாபம்.

H2 எடையைச் சொல்கிறது. காகிதக் கடையில் சொல்லும் ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் கிராம் எடை. நீளம், அகலத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 10000-ஆல் வகுத்தால் எடை வரும். விரித்தால் 40 x 20 அளவுள்ள 300 ஜிஎஸ்எம் அட்டை 24 கிராம். 120 ஜிஎஸ்எம் உள்தாள் இரண்டும் 9.6 கிராம். கவர், மடிப்புகளோடு ஏறக்குறைய 1100 சதுர சென்டிமீட்டர் என்பதால் 13.2 கிராம். மொத்தம் 46.8.

ஸ்பீடு போஸ்ட்டில் 50 கிராம் வரை ஒரு கட்டணம், அதைத் தாண்டினால் 250 கிராம் வரை அடுத்த கட்டணம். நான் போட்டிருக்கும் 55, 75 மாதிரித் தொகைகள்தான். தூரத்தைப் பொறுத்து மாறும் என்பதால் தபால் நிலையத்தில் கேட்டு மாற்றிக் கொள்ளுங்கள். தனியார் கூரியரில் எடை வரம்பு வேறாக இருக்கும். அதையும் கேட்டு 50-க்குப் பதில் இடுங்கள்.

வீட்டில் 350 ஜிஎஸ்எம் அட்டைதான் "கெத்தாக" இருக்கும் என்றார்கள். விலை ₹2-தான் கூடுதல், 400-க்கு ₹800. ஆனால் 300-ஐ 350 ஆக்கியதும் H2-ல் 50.8 வந்தது. கூரியர் செலவு ₹4,675-லிருந்து ₹6,375 ஆனது. அட்டைக்குக் கேட்ட ₹800-ஐவிட, யாரும் சொல்லாத ₹1,700 பெரிது! உள்தாள் இரண்டிலும் இருந்த விஷயத்தை ஒரே தாளில் அடக்கினோம். எடை 46 ஆகியது. கனமான அட்டையும் கிடைத்தது.

ஆர்டர் கொடுக்கும் முன் கடையின் மாதிரிப் பத்திரிகையைக் கவரோடு நிறுத்துப் பாருங்கள். சமையலறைத் தராசில் ஒன்றை வைத்தால் துல்லியம் வராது. பத்தைச் சேர்த்து வைத்துப் பத்தால் வகுங்கள். கயிறு, உலோகப் பிள்ளையார் போன்ற அலங்காரம் இருந்தால் அதையும் ஒட்டியே நிறுங்கள், 46.8 கிராம் பத்திரிகைக்கு மிச்சம் இருப்பது 3.2 கிராம்தான்.