புண் ஆறியும் மாறாத கருமை

முகப்பரு ஆறிவிடுகின்றது, அது இருந்த இடத்தில் கரிய புள்ளியொன்று மாதக்கணக்காக நிற்கின்றது. நுளம்பு கடித்துச் சொறிந்த காலிலும், சிரங்கு ஆறிய கையிலும் இதனைக் காண்கின்றோம். பலர் இதனை வடு என்பர், அது பொருந்தாது. வடுவென்பது தோலின் அமைப்பே மாறுவதால் உண்டாவது. பெரும்பாலும் விரலால் தடவினாற் பள்ளமாகவோ மேடாகவோ தெரியும். இக்கருமையோ தடவும்போது அயலிலுள்ள தோலைப் போலவே இருக்கும். மாறியது நிறமொன்றே. ஆதலின் இது பெரும்பாலும் காலப்போக்கில் மங்கக்கூடியது.

இதன் காரணத்தை நோக்குவோம். தோலின் மேற்படையின் அடியிலே மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் கலங்கள் உள்ளன. வெண்ணிறத்தாரிடத்தும் எம்மிடத்தும் இக்கலங்களின் தொகை ஏறக்குறைய ஒன்றே. எமது கலங்கள் ஆக்கும் மெலனினே மிகுதி. தோல் அழற்சியுற்றபொழுது அங்கு தோன்றும் இரசாயனப் பொருள்கள் இக்கலங்களைத் தூண்ட, அவை அளவுக்கு மீறி மெலனினை ஆக்கி அயற்கலங்களுக்கு வழங்குகின்றன. அம்மெலனின் மேற்படையிலே தங்கினாற் புள்ளி கபில நிறமாய் இருக்கும். தோல் உதிர்ந்து புதுப்பிக்கப்பட, சில மாதங்களிலோ ஓராண்டளவிலோ மங்கும். கீழ்ப்படையினுட் சிந்திவிட்டாற் சாம்பல் கலந்த நீலமாய்த் தோன்றும். அது நீங்க ஆண்டுகள் பல செல்லலாம்.

அங்ஙனமாயின், மங்கவேண்டிய புள்ளி மங்காது நிற்பது ஏன்? வெய்யிலும் அதே கலங்களையே தூண்டுவதாலாம். இறைக்க இறைக்க ஊறும் கிணற்றைப் போல, உதிரும் நிறத்துக்கு ஈடாகப் புதிய நிறம் ஊறிக்கொண்டிருக்கின்றது.

சரவணையிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குத் துவிச்சக்கரவண்டியிற் செல்லும் மாணவனொருவனை எண்ணிக்கொள்வோம். காலையிற் கிழக்கு நோக்கிச் செல்கின்றான். பிற்பகலில் மேற்கு நோக்கி மீள்கின்றான். ஆகவே இருவேளையும் ஞாயிறு அவன் முகத்துக்கு எதிரே நிற்கின்றது. கடலின் நடுவே செல்லும் பண்ணைத் தாம்போதியில் மரநிழல் இல்லை. நேர்க்கதிரேயன்றித் திறந்த வானத்திற் சிதறும் ஊதாக்கடந்த கதிர்களும் அவன்மேற் படுகின்றன. மேகம் மூடிய நாளிலும் அவற்றின் பெரும்பகுதி வந்துசேரலாம். கன்னத்துப் பருவை அவன் நகத்தாற் கிள்ளினான். இரண்டு கிழமையில் அது ஆறிக் கபிலப் புள்ளியாயிற்று. வெறுமுகத்துடன் நாள்தோறும் சென்றுவரின் அப்புள்ளி மங்குவதற்கு மாறாகக் கறுக்கவுங் கூடும்.

அவன் செய்யவேண்டியவை சில. முதலாவது, பருவைக் கிள்ளாது அதற்கு மருத்துவம் செய்தல். புதிய அழற்சி தோன்றும்வரை புதிய புள்ளியும் தோன்றும். இரண்டாவது, அகன்ற விளிம்புள்ள தொப்பி அணிதல். தொப்பியொன்றே போதாது, தாழ்ந்த ஞாயிற்றின் கதிர் விளிம்பின் கீழாகப் புகும். ஆதலின் மூன்றாவதாக, எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயிற்காப்புப் பூச்சு வேண்டும். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கு எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசி, கால்மணி நேரங் கழித்துப் புறப்படல் நன்று. வெளியில் நிற்பின் இரண்டு மணிக்கொருமுறையும், வியர்வையைத் துடைத்த பின்னும் மீளப் பூசவேண்டும். சிறிதளவு தேய்த்துவிட்டுப் பயனில்லை என்பாரே பலர்.

எம்மவர் அறியவேண்டியது இன்னுமொன்று உண்டு. கருந்தோலைக் கறுப்பிப்பன ஊதாக்கடந்த கதிர்கள் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீல, ஊதாப் பகுதியும் அவ்வாறே செய்யும். சாதாரணப் பூச்சுகள் இதனை நன்கு தடுப்பதில்லை. இரும்பு ஒட்சைட்டுச் சேர்ந்த, தோல் நிறமுள்ள பூச்சே தடுக்கும். அது முகத்தை வெளிறச் செய்வதும் குறைவு. கால், கைகளிலுள்ள கருமைக்கோ நெருக்கமாக நெய்த துணியால் மூடுதலே எளிது.

சிலர் தேசிக்காய்ச் சாற்றைத் தேய்த்து வெய்யிலிற் செல்வர். அச்சாறு வெய்யிலுடன் கூடித் தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கும். பின்னர் முன்னையினும் பெரிய கருமை எஞ்சும். உள்ளடக்கம் குறிக்கப்படாத வெண்மையாக்கும் களிம்புகளும் தீயன. சிலவற்றில் இரசம் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவற்றில் உள்ள வலிய ஸ்டீரொயிட்டு மருந்து தோலை மெலிவித்துப் புதிய பருக்களைத் தோற்றுவிக்கும். விரைவு வேண்டுவோர் வைத்தியரை நாடி, அசெலெயிக் அமிலம் முதலியவற்றை அவர் சொற்படி பயன்படுத்தலாம். அப்போதும் வெயிற்காப்பை விடலாகாது.

மாதமொருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நிழற்படம் எடுத்து ஒப்பிட்டால் மாற்றம் விளங்கும்; நாள்தோறும் கண்ணாடி பார்ப்பதால் விளங்காது. முன்பு புண்ணே இல்லாத இடத்திற் கறை தோன்றினாலும், உணர்ச்சி குன்றினாலும், புள்ளி வளர்ந்து உருமாறினாலும் அது வேறு நோயாகலாம்; வைத்தியரிடம் காட்டுக. இம்முயற்சியின் முடிவு வெள்ளைத் தோலன்று. புண் வருமுன் இருந்த எமது சொந்த நிறமே.