பதினைந்து வயது வாசகருக்கு நான்கு வரி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் நூலக வாசலில் ஒட்டிய புதுவரவுத் தாளைப் பார்த்தேன். வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை. தணிக்கைக்கு வருகிறவர் மகிழ்வார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் முன் நிற்கமாட்டார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு புத்தகத்துக்கும் நான்கு வரி டீஸர் வேண்டும்.

அதில் ஏழாவதாக இருந்தது ஜூல்ஸ் வெர்னின் 'எண்பது நாட்களில் உலகப் பயணம்'. பக்கத்தில் 'சாகச நாவல்' என்று மட்டும் எழுதியிருந்தாய். டீஸர் எழுத உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது பந்தயம்தான்: 20,000 பவுண்டு, 80 நாள், ஆண்டு 1872. அதைத் தலைப்பே பாதி சொல்லிவிட்டது. உள்ளே போய் ஒரு சம்பவத்தைத் தேடு. பம்பாயிலிருந்து கல்கத்தா வரை ரயில் பாதை முடிந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதியிருக்கும். நடுக்காட்டில் தண்டவாளம் தீர்ந்துவிடும். கதாநாயகர் ஃபாக் யானை ஒன்றை வாடகைக்குக் கேட்பார், உரிமையாளர் தர மறுப்பார், கடைசியில் 2,000 பவுண்டுக்கு விலைக்கே வாங்குவார். அதை இப்படி எழுதலாம்:

"ரயில் பாதை முடிந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். முடியவில்லை. ஃபாக்குக்கு இன்னும் பாதி உலகத்துக்கு மேல் பாக்கி. பக்கத்தில் இருப்பது ஒரு யானை மட்டும். பின்னாலேயே ஒரு துப்பறிவாளர், இவரை வங்கிக் கொள்ளையர் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்."

இதோடு நிறுத்து. ஃபாக் ஜெயித்தாரா, எப்படி என்பது கடைசி அத்தியாயங்களின் சொத்து. நான் வைத்திருக்கும் கணக்கு, புத்தகத்தின் முதல் பாதிக்கு அப்பால் எதையும் சொல்லாதே என்பதுதான். இந்த யானை அந்தப் பாதிக்குள் வருகிறது. பின்னட்டையை நகலெடுக்காதே, பல பின்னட்டைகள் முடிவையே உளறிவிடுகின்றன. 'அனைவரும் படிக்க வேண்டிய நூல்' என்றும் எழுதாதே. அந்த வயதில் அது வீட்டுப்பாடம் மாதிரிக் கேட்கும்.

இன்னொரு சிக்கல் இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் மாணவியைப் பற்றி, அறிவியல் நூலொன்றின் முன்னுரை போல ஓர் ஆசிரியை எழுதும் குறுங்கதை அது. 'துடிப்பான சிறுமியின் அறிவியல் ஆர்வம்' என்று எழுதினால் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் சிரிக்க வந்த பிள்ளை அடிபட்டுத் திரும்பும். "ஒரே மூச்சில் படித்துவிடலாம். லேசான கதை அல்ல" என்று கடைசியில் சேர். முடிவைச் சொல்லாமலே கனத்தைச் சொல்லியாயிற்று.

டீஸர் பலித்ததா என்பதை வழங்கல் பதிவேட்டில் பார். புத்தகம் வெளியே போனது மட்டும் போதாது. போன மறுநாளே திரும்பிவருகிறது என்றால், 'ஆயிஷா' போன்ற சின்ன நூலாக இருந்தால் படித்திருப்பார்கள். தடித்த நாவல் என்றால் உன் நான்கு வரி வேறு எதையோ வாக்களித்திருக்கலாம். திருப்பித் தரும்போது "எது வரைக்கும் படித்தாய்?" என்று கேள். ஒரே பிரதி உள்ள நூலுக்கு டீஸர் எழுதினால், முன்பதிவு நோட்டையும் பக்கத்திலேயே தொங்கவிடு.

ஒரு தாளில் ஆறு புத்தகத்துக்கு மேல் வேண்டாம். மற்றவற்றின் பெயர்களைக் கீழே சிறிய எழுத்தில் போட்டுவிடு. பட்டியலைத் தேடி வரும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா